ஒருவழிக் காணொளி நேர்காணலுக்குப் பிறகு யாரிடம் கேட்பது? சிங்கப்பூர் ஆள்சேர்ப்புப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் நிறுவனங்களில் ஆள்சேர்ப்பைக் கவனிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள்தான். பல ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில், விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருளை அமைப்பதும் பராமரிப்பதும் என் பொறுப்பாக இருந்தது. இப்போது ஈசூன் வட்டாரத்தில் வேலை தேடுபவர்களுக்கு, பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு, விண்ணப்பம் எழுதவும் நேர்காணலுக்குத் தயாராகவும் உதவி செய்கிறேன். முன்பெல்லாம் அவர்கள் "நேர்காணல்ல என்ன கேப்பாங்க?" என்று கேட்பார்கள். இப்போது வரும் கேள்வி வேறு. "அக்கா, கேமரா முன்னால பேசிப் பதிவு பண்ணி அனுப்பிட்டேன். அப்புறம் ஒண்ணுமே வரல. யார்கிட்ட கேக்கறது?"

இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பல நிறுவனங்களில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நேர்காணல் என்றால் எதிரில் ஒருவர் இருப்பார். ஒருவழிக் காணொளி நேர்காணலில் யாரும் இல்லை. திரையில் கேள்வி வரும், யோசிக்க அரை நிமிடம் கிடைக்கும், பிறகு இரண்டு நிமிடம் பேச வேண்டும், அடுத்த கேள்வி வரும். பேசி முடித்த பிறகு நன்றி சொல்லக்கூட ஒரு பெயர் கிடைப்பதில்லை. சாதாரண நேர்காணலில் குறைந்தது யாரைப் பார்த்தோம் என்றாவது தெரியும். ஒரு வாரம் கழித்து அவருக்கு நாலு வரி எழுதலாம். இங்கே அந்த ஒரு பெயர்கூடக் கையில் இல்லை.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு பெண்ணின் அனுபவத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர். தளவாட நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பல ஆண்டு வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வேலை இழந்தவர். அதே மாதிரி ஒரு பணிக்கு இன்னொரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் விண்ணப்பித்தார். சில நாளில் காணொளி நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஐந்து கேள்விகள், முடிக்க ஐந்து நாள் அவகாசம். வீவக வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, படுக்கையறைச் சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டு, ஞாயிறு இரவு பதிவு செய்தார். திரையில் நன்றி என்று வந்தது. அவ்வளவுதான். நிறுவனத்தின் இணையவாசலில் உள்நுழைந்தால் அவர் விண்ணப்பித்த வேலையின் பெயர் இருந்தது, தேதி இருந்தது. நிலை என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

பத்து நாள் கழித்து என்னிடம் வந்தபோது அவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "என் இங்கிலீஷ் உச்சரிப்பு கம்ப்யூட்டருக்குப் பிடிக்கலை போல."

நான் முதலில் கேட்டது வேறு: பதிவு உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா? இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு பதிலும் தனித்தனிக் காணொளியாகப் பதிவேறுகிறது. கடைசிப் பதில் ஏறிக்கொண்டிருக்கும்போதே உலாவியை மூடிவிட்டால், இணைப்பு நடுவில் அறுந்துவிட்டால், அந்த நேர்காணல் பாதியில் நிற்கும். பேசியவருக்கோ எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முடித்தவுடன் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்று வந்திருக்கிறதா, குப்பை அஞ்சல் பெட்டியிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு அழைப்பில் இருந்த இணைப்பை மறுபடி திறக்க வேண்டும். ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்று வந்தால் சரி. தொடரவும் என்று பொத்தான் வந்தால் பதிவு முடியவில்லை. இவருக்கு முடிந்துவிட்டதாகவே காட்டியது.

அடுத்தது, அவர் எங்கே பார்க்கிறார், அங்கே என்ன தெரியும் என்பது. விண்ணப்பிப்பவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இது. உங்களுக்கு நன்றாகவே தெரியும். இங்கே இருப்பது இரண்டு தனித்தனி அமைப்புகள். காணொளியைப் பதிவு செய்யும் தளம் ஒரு வெளி நிறுவனத்துடையது. விண்ணப்பத்தை வைத்திருக்கும் மென்பொருள் உங்களுடையது. காணொளி முடிந்ததும் முதல் அமைப்பு இரண்டாவதற்கு ஒரு செய்தி அனுப்பும்: இன்னார் முடித்துவிட்டார். அத்தோடு தானாக நடப்பது பெரும்பாலும் நின்றுவிடும். விண்ணப்பத்தை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவது ஒரு மனிதர் கையால் செய்யும் வேலை. அவர் நகர்த்தினாலும்கூட, உள்ளே நீங்கள் பார்க்கும் கட்டத்தின் பெயர் வேறு, வெளியே விண்ணப்பதாரருக்குத் தெரியும் சொல் வேறு. எந்தக் கட்டத்துக்கு வெளியே எந்தச் சொல் தெரிய வேண்டும் என்று யாராவது ஒருமுறை உட்கார்ந்து அமைத்திருக்க வேண்டும். காணொளி நேர்காணல் என்ற கட்டத்தைப் பின்னாளில் புதிதாகச் சேர்த்த நிறுவனங்களில் இந்த அமைப்பு விட்டுப்போவது சகஜம். கட்டம் உள்ளே இருக்கும், வெளியே அதற்குச் சொல் இருக்காது. அதனால் திரையில் காலி.

அந்தக் காலியிடத்தைப் பார்த்துத்தான் ஒருவர் இரவெல்லாம் தன் உச்சரிப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கணினி முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது என்ற பயம் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. அது ஆதாரமில்லாமல் வந்த பயம் அல்ல. இத்துறையில் பெரிய பெயரான ஹயர்வியூ நிறுவனமே முகத்தை ஆராயும் முறையை வைத்திருந்தது. எதிர்ப்புகளுக்குப் பிறகு அதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. பேச்சை எழுத்தாக்கி அதை மதிப்பிடும் வசதி இன்றும் சில தளங்களில் உண்டு. நீங்கள் அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அழைப்பிலேயே சொல்லுங்கள். பயன்படுத்தவில்லை என்றாலும் சொல்லுங்கள். "உங்கள் பதிலை எங்கள் அலுவலர் ஒருவர் பார்ப்பார்" என்ற ஒரு வரி எத்தனை வீண் மனவேதனையைக் குறைக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நான் பார்த்தவரை, மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் கணினி அல்ல. கணக்கு. ஒரு பணிக்கு 120 பேரைக் காணொளி நேர்காணலுக்கு அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேரில் அழைப்பதானால் 12 பேரைத்தான் அழைத்திருப்பீர்கள்; பொத்தானை அழுத்தினால் போதும் என்பதால் 120 ஆகிவிட்டது. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் என்றால் ஒருவருக்குப் பத்து நிமிடம். எல்லாரும் முடித்தால் 1,200 நிமிடம், அதாவது இருபது மணி நேரம். தன் அன்றாட வேலைக்கு நடுவே எந்தத் துறை மேலாளர் இருபது மணி நேரம் காணொளி பார்ப்பார்? முதலில் வந்த இருபது முப்பது பேரைப் பார்ப்பார். அதில் நாலு பேர் பிடித்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அவர்களை நேரில் கூப்பிடுவார். மீதிப் பேர் பார்க்கப்படாமலேயே கிடப்பார்கள்.

இந்த மடலை நான் எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். அந்த மீதிப் பேரை நீங்கள் நிராகரிக்கவில்லை. தேர்வும் செய்யவில்லை. அவர்களைப் பற்றி யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஆகவே அவர்களுக்குச் சொல்ல ஆள்சேர்ப்பு அலுவலரிடம் ஒன்றுமே இல்லை. மேலாளர் அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கிறார். நாலு பேரில் ஒருவர் வேலையை ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் வரை மற்றவர்களைக் கைவசம் வைத்திருப்போம் என்று நினைக்கிறார். இதற்கிடையில் செலவுக் கட்டுப்பாடு வந்து அந்தப் பணியிடமே நிறுத்திவைக்கப்பட்டால் இன்னும் மோசம். பணியிடம் நிறைந்தது என்று குறித்தால் மற்றவர்களுக்கு மின்னஞ்சல் போகும்படி பல நிறுவனங்கள் அமைத்திருக்கின்றன. நிறுத்திவைப்பு என்று குறித்தால் எதுவும் போகாது. அந்த நிலையில் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் விண்ணப்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

வெளியே இருப்பவர் இதை எப்படி ஊகிப்பார்? விளம்பரம் இன்னும் இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறார். அதில் ஒன்றும் தெரியாது. விளம்பரத்தின் முடிவுத் தேதி அதைப் போடும்போதே குறிக்கப்பட்டது. ஆள் கிடைத்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கலாம், ஆள் கிடைக்காமலே மறைந்தும் போகலாம். Employment Pass அல்லது S Pass அட்டையில் வெளிநாட்டவரை எடுக்க விரும்பும் நிறுவனம் பொதுவாக MyCareersFuture தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இங்கே உண்டு. ஆக, விளம்பரம் திரையில் இருக்கும் நாள்களுக்கும் பணியிடத்தின் நிலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

சரி, அந்தப் பெண் என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். ஒவ்வொரு படியிலும் உங்கள் கதவு எப்படி மூடியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

முதலில் காணொளித் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினார். ஒரே நாளில் பணிவான பதில் வந்தது: தொழில்நுட்பக் கோளாறு என்றால் உதவுவோம், முடிவைப் பற்றி எங்களுக்குத் தெரியாது, நிறுவனத்தைக் கேளுங்கள். அது நியாயமான பதில். அவர்களிடம் முடிவு இருக்காது. இந்தப் படி தேவையே இல்லாதது, ஆனால் திரையில் தெரிந்த ஒரே தொடர்பு அதுதான் என்பதால் எல்லாரும் முதலில் அங்கேதான் போகிறார்கள்.

அடுத்து, அழைப்பு வந்த மின்னஞ்சலை இருவரும் திறந்தோம். அனுப்புநர் முகவரி no-reply என்று தொடங்கியதால் பதில் எழுதிப் பயனில்லை என்று அவர் விட்டிருந்தார். Reply பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். To கட்டத்தில் வேறொரு முகவரி வந்தது, நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவினுடைய பொது முகவரி. சில தளங்களில் அழைப்பை வெளியமைப்பு அனுப்பினாலும், பதில் போக வேண்டிய முகவரியைத் தனியே அமைக்கலாம். யாரோ ஒருவர் எப்போதோ அமைத்திருக்கிறார். அந்த முகவரிக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இதுதான்:

"இன்ன எண்ணுள்ள கணக்கு அலுவலர் பணிக்கு விண்ணப்பித்தேன். இந்தத் தேதியில் காணொளி நேர்காணலை முடித்தேன். உறுதி மின்னஞ்சலை இணைத்துள்ளேன். இணையவாசலில் நிலை எதுவும் தெரியவில்லை. என் பதிவு உங்களுக்குக் கிடைத்ததா, தேர்வு இன்னும் நடக்கிறதா, எப்போது தெரியவரும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். ஒரு மாத முன்னறிவிப்பு தேவையில்லை, உடனே சேர முடியும்."

இதில் வேண்டுமென்றே சில விஷயங்களைச் சேர்த்திருந்தோம். பணியிட எண் இருந்தால் அலுவலர் ஒரு நிமிடத்தில் கோப்பைத் திறந்துவிடலாம். என்னைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்காது. பதிவு வந்ததா, தேர்வு நடக்கிறதா என்பதற்கு யாரையும் கேட்காமல் பதில் சொல்லலாம். உடனே சேர முடியும் என்பது அலுவலர் மேலாளரிடம் கொண்டுபோகக்கூடிய புதுத் தகவல். இதைவிடச் சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய மின்னஞ்சலை எழுத எனக்குத் தெரியாது.

பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அதே அஞ்சலுக்குக் கீழே இரண்டு வரியில் நினைவூட்டினார். அதற்கும் இல்லை. நிறுவனத்தின் பொது எண்ணுக்குத் தொலைபேசினார். வரவேற்பில் இருந்தவர், எல்லாம் இணையவாசலில் தெரியும், அங்கே பாருங்கள் என்றார்.

பதிவு செய்து ஒரு மாதம் ஆனது. அப்போதுதான் வேறு கதவைத் தட்டச் சொன்னேன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இன்படி ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும், அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். பெரும்பாலும் இணையப் பக்கத்தின் அடியில் இருக்கும் தனியுரிமை அறிக்கையில் அந்த முகவரி இருக்கும். ஒருவருடைய முகமும் குரலும் பதிவான காணொளி அவருடைய தனிப்பட்ட தகவல். அது உங்களிடம் இருக்கிறதா, கடந்த ஓராண்டில் அது எப்படிப் பயன்படுத்தப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. 30 நாளுக்குள் பதில் சொல்ல முடியாவிட்டால், எப்போது சொல்ல முடியும் என்பதையாவது அந்த 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காணொளி வெளி நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது என்பது சாக்காகாது. உங்களுக்காக அவர்கள் வைத்திருப்பதற்கு நீங்களே பொறுப்பு.

இந்தச் சட்டத்தின் எல்லையையும் அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். முடிவை அறிவிக்கும்படி அது உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வேலைக்குத் தகுதியானவரா என்று மதிப்பிடுவதற்காக மட்டும் எழுதி வைக்கும் கருத்துகளை, அதாவது மதிப்பெண்ணையும் குறிப்புகளையும், காட்ட வேண்டியதில்லை என்று விலக்கும் இருக்கிறது. காணொளியைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். ஆனால் பெற்றால் போட்டியிலிருந்தும் வெளியேற நேரும். ஆகவே தேர்வு இன்னும் நடக்கக்கூடும் என்ற நிலையில் அதைக் கேட்கக் கூடாது. முதல் வாரத்திலேயே சட்டத்தைக் கையில் எடுப்பதும் சரியல்ல, பதில் சொல்ல வேண்டியவரைத் தேவையில்லாமல் எச்சரிக்கையாக்கிவிடும். அவர் இரண்டே விஷயம் கேட்டார்: என் காணொளி இதுவரை எப்படிப் பயன்பட்டது, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?

அப்படிக் கேட்டு எழுதிய மூன்றாவது வாரத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அந்தக் குரலில் கனிவு இருந்தது என்று இவர் சொன்னார். பதிவு செய்த இரண்டு வாரத்திலேயே பணியிடம் நிறுத்திவைக்கப்பட்டதாம். மேலாளர் முதலில் வந்த சிலரை மட்டும் பார்த்திருக்கிறார். இவருடைய காணொளியை யாருமே திறக்கவில்லை. விண்ணப்பக் கோப்புகளை ஓராண்டு வைத்திருப்பது வழக்கம், வேண்டுமானால் இப்போதே அழித்துவிடுகிறோம் என்றும் சொன்னார். இவர் அழிக்கச் சொன்னார். அழித்துவிட்டோம் என்று எழுத்தில் வந்தது.

அந்த அழைப்பு வந்த பிறகு அவர் என்னிடம் சொன்னது: "அக்கா, யாரும் பாக்கலன்னு கேட்டதும் எனக்குக் கோபம்தான் வரணும். ஆனா நிம்மதியாதான் இருந்துச்சு. நான் சரியில்லன்னு யாரும் சொல்லலை." இடைப்பட்ட வாரங்களில் அவர் வேறு இரண்டு நிறுவனங்களின் காணொளி அழைப்புகளைத் தொடவே இல்லை. தன்னால் முடியாது என்று நினைத்துவிட்டார். உங்கள் காலிக் கட்டம் செய்த நட்டத்தில் நீங்கள் பார்க்காத பகுதி இது.

இப்போது கேட்கிறேன். எல்லாரையும் தொலைபேசியில் அழையுங்கள் என்று கேட்கவில்லை. 120 பேருக்கும் காரணம் எழுதச் சொல்லவில்லை. அந்த வேலைச்சுமை எனக்குத் தெரியும். நான் கேட்பவை எல்லாம் ஒருமுறை அமைத்துவிட்டால் தானாக ஓடக்கூடியவை.

முதலாவது, பதில் போகும் முகவரி. காணொளி அழைப்பில் மனிதர் ஒருவர் படிக்கும் முகவரியை வையுங்கள். அந்த முகவரியை யார், வாரத்தில் எந்த நாள் படிப்பது என்று ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். பொதுப் பெட்டி என்றால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று பொருளாகாது. நான் இருந்த இடத்திலும் பொதுப் பெட்டியை யாரோ பார்க்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். ஒருவர் வேலையை விட்டுப் போனபோதுதான் அவர் மட்டுமே பார்த்துவந்தார் என்று தெரிந்தது. வாரம் ஒரு மணி நேரம் போதும். வரும் கேள்விகளில் பெரும்பாலானவை பதிவு கிடைத்ததா, தேர்வு நடக்கிறதா என்ற இரண்டுதான்.

இரண்டாவது, தேதி. கடைசிக் கேள்வி முடிந்ததும் வரும் நன்றித் திரையை நீங்களே எழுதலாம், அதை அப்படியே விடாதீர்கள். "விரைவில் தொடர்புகொள்வோம்" என்பதை எடுத்துவிட்டு, "பதிவுக்கான கடைசித் தேதிக்குப் பிறகு மூன்று வாரத்துக்குள் உங்களுக்கு ஏதாவது ஒரு செய்தி வரும், வராவிட்டால் இந்த முகவரிக்கு எழுதுங்கள்" என்று போடுங்கள். அந்த மூன்று வாரத்தில் முடிவு இல்லாவிட்டால் இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லும் ஒரு மின்னஞ்சல் தானாகப் போகட்டும். முடிவாகவில்லை என்பதும் ஒரு நிலைதான். அதற்கு இணையவாசலில் ஒரு சொல் வேண்டும். உங்கள் மென்பொருள் நிர்வாகியிடம் கேளுங்கள், காணொளி முடித்தவருக்கு வெளியே என்ன சொல் தெரிகிறது என்று. அவருக்கே தெரியாமல் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். பணியிடத்தை நிறுத்திவைக்கும்போது, அதற்காகக் காணொளி பதிவு செய்த எல்லாருக்கும் அன்றே செய்தி போக வேண்டும். நிறைந்த பணியிடத்துக்கு இருக்கும் அதே ஏற்பாட்டை நிறுத்திவைப்புக்கும் செய்யுங்கள். மறுபடி திறந்தால் அழைப்போம் என்று சேர்த்துக்கொள்ளலாம், உண்மையாக இருந்தால் மட்டும். மேலாளர்கள் இதை விரும்புவதில்லை. நாளைக்கே அனுமதி வந்துவிடும், ஆட்களை ஏன் அனுப்பிவிட வேண்டும் என்பார்கள். அந்த வாதத்தை நானும் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். நிலைமையைச் சொல்வதால் யாரும் ஓடிவிட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்தான், மூன்று மாதம் கழித்து நீங்கள் அழைக்கும்போது உங்கள் பெயரைக் கேட்டதுமே மறுப்பார்கள்.

பார்க்க முடியாத அளவுக்கு ஆட்களை அழைப்பதைப் பற்றியும் யோசியுங்கள். நேரம் இருபது பேருக்குத்தான் என்றால் முப்பது பேரை அழையுங்கள். ரெஸ்யூமேயைப் பார்த்து வடிகட்டும் வேலையைச் செய்யாமல், எல்லாரையும் பேசச் சொல்லிவிட்டுப் பிறகு பார்க்காமல் விடுவது, அந்த வேலையின் பாரத்தை வேலை தேடுபவர் தலையில் ஏற்றுவது. ஒருவர் பத்து நிமிடப் பதிவுக்கு ஒரு மாலைப்பொழுதையே செலவிடுகிறார். சட்டையைத் தேய்த்து, விளக்கை நகர்த்தி, வீட்டில் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லி, பேசிப் பார்த்து, அப்புறம்தான் அந்தப் பொத்தானை அழுத்துகிறார்.

வேலை தேடுபவர்களில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு குறிப்பு. பதிவை முடித்த அன்றே உறுதித் திரையைப் படம் பிடித்து, பணியிட எண்ணுடன் சேமித்து வையுங்கள். விளம்பரம் மறைந்துவிட்டால் அந்த எண்ணைத் தேடுவது கடினம். சொன்ன தேதி வரை, தேதி சொல்லாவிட்டால் ஒரு வாரம் பத்து நாள், காத்திருந்துவிட்டு எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதன் பிறகு அந்த வேலையை மனதிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, அடுத்த விண்ணப்பத்தைப் பாருங்கள்.

ஆள்சேர்ப்புப் பிரிவினரே, கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் நிறுவனத்தில் திறந்திருக்கும் ஏதாவது ஒரு பணிக்கு, உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து நீங்களே விண்ணப்பித்துப் பாருங்கள். காணொளி அழைப்பை உங்களுக்கே அனுப்புங்கள். ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். அழைப்புக்கு Reply அழுத்தி ஒரு வரி எழுதுங்கள், அது யாரிடம் போய்ச் சேர்கிறது என்று தேடுங்கள். பிறகு இணையவாசலில் விண்ணப்பதாரராக உள்நுழைந்து நிலைக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காலியாக இருந்தால், அதைச் சரிசெய்யும் வேலையை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று அன்றே எழுதி வையுங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து, உங்கள் முன்னாள் சக ஊழியர் ஒருத்தி